‘பத்தில் ஒன்பது வாடிக்கையாளர்கள்’ என்பதை எப்படி மாற்றி எழுதுவது?

கேள்வி: நாங்கள் ஹட்டனில் தேயிலைத் தூள் பைக்கற் போட்டு விற்கிறோம். துண்டுப்பிரசுரத்தில் ‘பத்தில் ஒன்பது வாடிக்கையாளர்கள் எங்கள் தூளையே விரும்புகிறார்கள்’ என்று போட்டிருந்தோம். ஒருவர் வந்து, இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டார். 2025 ஏப்ரல் சீசனுக்கு, 5ஆம் திகதியிலிருந்து 14 வரை, நுவரெலியாவில் கடை போட்டு இலவசமாகத் தேத்தண்ணி கொடுத்தோம். ஒரு கொப்பியில் எழுதச் சொன்னதில் 47 பேர் எழுதினார்கள். 42 பேர் ‘நல்லம்’ என்று எழுதியிருந்தார்கள். கடதாசிக் கோப்பை முந்நூறு வரையில் முடிந்தது. இதை எப்படி மாற்றி எழுதினால் சரியாக இருக்கும்?

பதில்:

உங்கள் கொப்பியில் உள்ள கணக்கு ஒரு கூற்றைத் தாங்கும். ஆனால் நீங்கள் அச்சிட்ட கூற்றை அது தாங்காது. 47 பேரில் 42 பேர் என்பது நூற்றுக்கு 89 ஆகிறது என்பதால் ‘பத்தில் ஒன்பது’ என்ற பின்னம் ஏறக்குறைய சரிதான். பிழை பின்னத்தில் இல்லை, அதைச் சுற்றியுள்ள சொற்களில்தான் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய வாக்கியம் ஒன்று கைக்கு வந்தால், எண்ணை விட்டுவிட்டு முதலில் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும்தான் நான் பார்ப்பேன். உங்கள் வாக்கியத்தில் மூன்று இடங்கள் கொப்பியைத் தாண்டிப் போகின்றன.

முதலாவது, ‘வாடிக்கையாளர்கள்’ என்ற சொல். வாடிக்கை என்றால் வழக்கம். வழக்கமாக ஒரு கடையில் வாங்குபவரைத்தான் நாம் வாடிக்கையாளர் என்கிறோம். உங்கள் கொப்பியில் எழுதிய 47 பேரும் ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வந்தவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வெளியூர்க்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அந்தக் குளிரில் இலவசமாகக் கிடைத்த ஒரு கோப்பை தேநீரை நின்றபடி குடித்துவிட்டு எழுதினார்கள். அவர்களில் எத்தனை பேர் தூள் வாங்கினார்கள் என்று கொப்பியில் பதியப்பட்டிருக்காவிட்டால், அவர்களை வாங்கியவர்கள் என்றுகூடச் சொல்ல இயலாது. சுவைத்தவர்கள் என்று மட்டுமே சொல்லலாம். ஹட்டன் கடையில் மாதாமாதம் தூள் வாங்கும் உங்கள் உண்மையான வாடிக்கையாளர்களை நீங்கள் கேட்கவே இல்லை. அவர்களுடைய கருத்து இதைவிட நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் கேட்காதவர்களின் பெயரில் ஓர் எண்ணைப் போடக்கூடாது.

இரண்டாவது, ‘தூளையே’ என்பதிலுள்ள ஏகாரம். இலக்கணத்தில் இதைப் பிரிநிலை ஏகாரம் என்பார்கள். பலவற்றுள் ஒன்றைப் பிரித்துக் காட்டுவது அதன் வேலை. ‘எங்கள் தூளையே விரும்புகிறார்கள்’ என்று வாசிப்பவர், வேறு தூள்களையும் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார்கள், அவற்றை விட்டு இதைத் தெரிந்தெடுத்தார்கள் என்று விளங்கிக்கொள்வார். உங்கள் கடையில் ஒரே ஒரு தேநீர்தான் இருந்தது, ஒப்பிடுவதற்கு இன்னொன்று இருக்கவில்லை. ‘நல்லம்’ என்பது ‘மற்றதைவிட நல்லம்’ ஆகாது.

இந்த ஓர் எழுத்து எவ்வளவு பெரிய வேறுபாட்டைக் கொண்டுவரும் என்பதற்கு 2007 ஜனவரியில் பிரித்தானியாவில் நடந்தது நல்ல உதாரணம். பல் வைத்தியர்களில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவர்கள் கோல்கேட் பற்பசையைப் பரிந்துரைக்கிறார்கள் என்ற விளம்பரம் மக்களைத் தவறாக எண்ணவைக்கிறது என்று அங்குள்ள விளம்பரத் தரங்களுக்கான அதிகாரசபை தீர்ப்பளித்தது. நடத்தப்பட்ட கருத்தெடுப்பில் வைத்தியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பற்பசைகளைச் சொல்ல இடமிருந்தது. போட்டி நிறுவனம் ஒன்றின் பற்பசையையும் ஏறக்குறைய அதே அளவினர் சொல்லியிருந்தார்கள். எண் பொய்யில்லை. ஆனால் விளம்பரத்தைப் பார்த்தவர்கள், 80 பேர் இதைச் சொல்ல, மிச்சம் 20 பேர்தான் மற்ற எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டார்கள் என்று வாசித்தார்கள். தமிழில் அந்த விளம்பரத்தை எழுதியிருந்தால் ஒருவர் ‘கோல்கேட்டையே’ என்று எழுதியிருப்பார். ‘கோல்கேட்டையும்’ என்பதுதான் உண்மையாக இருந்திருக்கும். என்ன கேள்வி கேட்கப்பட்டது, எத்தனை விடைகளுக்கு அனுமதி இருந்தது என்பது தெரியாமல் மாதிரியின் அளவை மட்டும் சொல்வதால் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, ‘விரும்புகிறார்கள்’ என்ற நிகழ்காலம். தமிழில் நிகழ்கால வினை, இப்போதும் நடக்கிறது, எப்போதும் நடக்கிறது என்ற இரண்டையும் தன்னுள் வைத்திருக்கிறது. ‘சூரியன் கிழக்கே உதிக்கிறது’ என்று சொல்லும் அதே வினைதான் இங்கேயும் வருகிறது. உங்களிடம் இருப்பதோ, ஏப்ரல் மாதத்துப் பத்து நாட்களில் சிலர் எழுதியதன் பதிவு. ‘எழுதினார்கள்’ என்று இறந்தகாலத்துக்கு மாற்றியவுடன், ‘எப்போது?’ என்ற கேள்வி தானாக எழும். அதற்கு விடையாகத் திகதியும் தானாக வந்து அமரும். காலத்தைச் சேர்க்க வேண்டும் என்று நினைத்துச் சேர்ப்பதைவிட, வினையை மாற்றிவிடுவது நம்பகமான வழி.

காலம் ஏன் முக்கியம் என்பதை மலையகத்தில் இருப்பவர்களுக்கு நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பால்மாவுக்கு வரிசையில் நின்ற 2022இன் முற்பகுதியில், வீட்டில் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் பிளேன்டீ என்ற விடைதான் மிகுதியாக வந்திருக்கும். அந்த எண்ணைத் திகதி இல்லாமல் இன்று அச்சிட்டால், பால் கிடைக்காததால் குடித்தது விருப்பத்தால் குடித்ததாகிவிடும்.

இனி, மாற்றி எழுதுவோம். தமிழில் இதற்கென்றே ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. நமது மொழியில் அடைகள் எல்லாம் பெயருக்கு முன்னால் வரும். எனவே இடம், காலம், முறை, எண் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால், ‘2025 ஏப்ரல் 5 முதல் 14 வரை நுவரெலியாவில் நாங்கள் அமைத்திருந்த கடையில் இலவசமாக வழங்கப்பட்ட தேநீரைச் சுவைத்துக் கொப்பியில் கருத்து எழுதிய 47 பேரில் 42 பேர்’ என்று போய், வாசிப்பவர் எழுவாயை அடையும்போது மூச்சு வாங்கும். இதைக் கண்டு பயந்துதான் பலர் விவரத்தை வெட்டிவிட்டுப் பழைய கூற்றுக்கே திரும்பிவிடுகிறார்கள். வெட்டத் தேவையில்லை, வாக்கியத்தைப் பிரித்தால் போதும். முதல் வாக்கியம் யார், எங்கே, எப்போது என்பதைச் சொல்லட்டும், இரண்டாவது விடையைச் சொல்லட்டும், மூன்றாவது யார் எண்ணியது என்பதைச் சொல்லட்டும்:

‘2025 ஏப்ரல் 5 முதல் 14 வரை நுவரெலியாவில் நாங்கள் போட்ட கடையில் ஏறத்தாழ 300 கோப்பை தேநீரை இலவசமாகக் கொடுத்தோம், குடித்தவர்களில் 47 பேர் கொப்பியில் கருத்து எழுதினார்கள். அவர்களில் 42 பேர் தேநீர் நல்லது என்று எழுதினார்கள். கருத்துகளைச் சேர்த்ததும் எண்ணியதும் எங்கள் கடையினர்.’

இதில் நான் ‘300 பேர்’ என்று எழுதாமல் ‘300 கோப்பை’ என்று எழுதியதைக் கவனியுங்கள். ஒருவரே இரண்டு கோப்பை குடித்திருக்கலாம், நீங்கள் எண்ணியதும் கோப்பையைத்தான். எண்ணியது எதுவோ அதன் பெயரைத்தான் எண்ணுக்குப் பின்னால் எழுத வேண்டும்.

‘300 கோப்பை’ என்பதைப் போட்டால் விளம்பரம் பலவீனமாகிவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதை விடக்கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். எழுதாமல் போனவர்கள் 47ஐப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருக்கக்கூடும். அவர்களுக்குத் தேநீர் பிடிக்கவில்லை என்று நாம் முடிவுகட்ட முடியாது, பிடித்தது என்றும் எண்ண முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, ‘நல்லா இல்லை’ என்று அவருடைய கொப்பியிலேயே எழுதும் மனம் நம் ஆட்களுக்கு எளிதில் வராது. பிடிக்காதவர் கோப்பையை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். ஆகவே எழுதியவர்களின் கூட்டம் தொடக்கத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்த கூட்டம்.

இப்படிச் சாய்ந்த கூட்டத்தை எண்ணிக்கையின் பெருமையால் நிமிர்த்திவிட முடியாது. 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை சனாதிபதித் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ ஒரு கோடி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அதைக் கொண்டு லாண்டன் வெல்வார் என்று எழுதினார்கள். வென்றது ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 மாநிலங்கள் அவருக்குக் கிடைத்தன. யாருக்கு அனுப்பினார்கள், யார் திருப்பி அனுப்பினார்கள் என்ற இரண்டு இடத்திலும் கூட்டம் சாய்ந்திருந்தது. இருபது இலட்சம் பேருக்கே அப்படியென்றால், 47 பேரை எழுதும்போது எத்தனை பேரிலிருந்து அந்த 47 என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிரித்தானியாவில் விஸ்காஸ் என்ற பூனை உணவுக்கு, ‘பத்தில் எட்டுப் பூனைகள் இதை விரும்புகின்றன’ என்று நெடுங்காலம் விளம்பரம் செய்தார்கள். பிறகு அது, ‘விருப்பத்தைத் தெரிவித்த உரிமையாளர்களில் பத்தில் எட்டுப் பேர், தங்கள் பூனைகள் இதை விரும்புவதாகச் சொன்னார்கள்’ என்ற பொருளில் மாற்றப்பட்டது. அந்தத் திருத்தத்தில் இரண்டு விடயங்கள் நடந்திருக்கின்றன. பேசியது பூனை அல்ல, உரிமையாளர் என்பது வெளிவந்தது. விருப்பம் எதையும் தெரிவிக்காதவர்கள் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டார்கள் என்பதும் வெளிவந்தது. ஒரு கூற்றைத் திருத்துவது எப்படி என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

கேட்ட இடமும் நேரமும் யார் விடை சொல்கிறார்கள் என்பதை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை நான் என் கையாலேயே பிழைவிட்டுக் கற்றேன். பல வருடங்களுக்கு முன், ஒரு நிறுவனத்துக்காகத் தோட்டமொன்றில் வீடு வீடாகக் கேள்வித்தாள் நிரப்பப் போயிருந்தேன். காலை பத்து மணிக்கு லயத்துக்குப் போனால் வீட்டில் யார் இருப்பார்கள்? கொழுந்து எடுப்பவர்கள் மலைக்குப் போயிருந்தார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் கொழும்பில் இருந்தார்கள். ஓய்வு பெற்ற தாத்தாமாரும், கைக்குழந்தையோடு இருந்த சில தாய்மாரும்தான் விடை சொன்னார்கள். அதற்குப் பரிகாரமாக அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் கேட்கலாம் என்று போனோம். அங்கே கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பக்கத்தில் நிற்க, எல்லாம் நல்லபடி இருக்கிறது என்ற ஒரே விடைதான் எல்லோரிடமிருந்தும் வந்தது. இறுதி அறிக்கையில் ‘தோட்ட மக்களில் பத்தில் ஒன்பது பேர்’ என்று அச்சாகியிருந்தது. அந்த வரியை மெய்ப்பில் பார்த்தும் நான் விட்டுவிட்டேன். ‘காலை 10 மணிக்கு வீட்டிலிருந்தவர்களும், பிரட்டுக்களத்தில் மேலாளர்கள் முன்னிலையில் கேட்கப்பட்டவர்களும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், வாசித்த எவருக்கும் அந்த எண்ணின் நிறை சரியாகத் தெரிந்திருக்கும். இன்றும் அது என் மனதை உறுத்துகிறது.

எண்ணை எந்த உருவில் எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூறுக்குக் குறைவான கூட்டத்தை நூற்றுவீதமாக எழுதாதீர்கள், ‘89.4 வீதம்’ என்று எழுதினால், ஆயிரக்கணக்கானோரைக் கேட்டு நுணுக்கமாக அளந்தது போன்ற தோற்றம் வந்துவிடும். ‘47 பேரில் 42 பேர்’ என்பதில் அந்தத் தோற்றம் வராது. ‘பத்தில் ஒன்பது’ என்பதிலும் ஒரு மறைப்பு இருக்கிறது: பத்துப் பேரைக் கேட்டாலும் பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் அது ஒன்றுபோலவே தெரியும். உங்கள் 47 பேரும் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்பட்டவர்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், புள்ளிவிபரக் கணக்கின்படி உண்மையான அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 77 முதல் 95 வரை எங்கும் இருக்கலாம். அதாவது பத்தில் எட்டாகவும் இருந்திருக்கலாம். குலுக்கல் நடக்காததால் அந்த எல்லைகளையும் நாம் அச்சிட முடியாது. எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே எழுதுவதுதான் உங்களுக்குரிய வழி.

பெரிய எழுத்தில் ‘பத்தில் ஒன்பது வாடிக்கையாளர்கள்’ என்று அப்படியே விட்டுவிட்டு, ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் எறும்பு எழுத்தில் மூன்று வாக்கியங்களைச் சேர்க்கலாமா என்று அச்சகத்தில் பலர் கேட்பதுண்டு. அடிக்குறிப்பு தலைப்பை விளக்கலாம், தலைப்புக்கு மாறாகப் பேசக்கூடாது. தலைப்பு வாடிக்கையாளர் என்று சொல்ல, அடிக்குறிப்பு சுவைத்தவர் என்று சொன்னால், இரண்டில் ஒன்று பொய். பெரிய எழுத்தில் ஒரு வரிதான் வேண்டும் என்றால், ‘நுவரெலியா, 2025 ஏப்ரல்: கருத்து எழுதிய 47 பேரில் 42 பேர் நல்லது என்றார்கள்’ என்று போட்டு, கோப்பைக் கணக்கையும் எண்ணியவர் யார் என்பதையும் அதன் கீழேயே வாசிக்கக்கூடிய அளவில் போடுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதே பிரசுரம் வருமானால் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது தமிழ்ப் பகுதியின் திகதியும் எண்ணிக்கையும்தான் என்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

இது நாகரிகம் சார்ந்த விடயம் மட்டுமல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது வழிநடத்தக்கூடிய நடத்தையை வியாபாரிகளுக்குத் தடைசெய்கிறது. 31ஆம் பிரிவு பொய்யான எடுத்துரைப்புகளைப் பற்றியது. உங்களிடம் வந்து கேட்டவர் கேட்டது நியாயமான கேள்வி. அவருக்குக் கொப்பியைக் காட்டுங்கள்.

பைக்கற்றில் மட்டும் இந்தக் கூற்றைப் போடவேண்டாம் என்பேன். பிரசுரம் ஒரு சீசனோடு முடிந்துவிடும். பைக்கற் உறையை நீங்கள் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் அடிப்பீர்கள். 2027இலும் அதே உறையில் தூள் போய்க்கொண்டிருக்கும். அதற்குள் நீங்கள் தூள் எடுக்கும் தொழிற்சாலை மாறலாம், கலவை மாறலாம். அப்போது திகதி சரியாக அச்சாகியிருந்தாலும், சுவைக்கப்பட்ட தேநீர் உறைக்குள் இருக்காது.

‘எங்கள் தூளையே’ என்று எழுதத்தான் ஆசை என்றால், அதற்குரிய வேலையை அடுத்த ஏப்ரலில் செய்யலாம். உங்கள் தூளையும் அதே தரத்தில் கடையில் கிடைக்கும் இன்னொரு தூளையும் ஒரே முறையில் ஊற்றுங்கள். தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்று சொல்கிறது; இரண்டுக்கும் அதையே பின்பற்றினால் ஒன்று கடுமையாகவும் மற்றது சப்பென்றும் போகாது. கோப்பைகளின் அடியில் மட்டும் அடையாளம் இருக்கட்டும். ஊற்றிக் கொடுப்பவருக்கும் எது எது என்று தெரியக்கூடாது. ஒருவருக்கு உங்களுடையதை முதலில் கொடுத்தால் அடுத்தவருக்கு மற்றதை முதலில் கொடுங்கள். வருகிறவர்களில் முகம் பார்த்துத் தெரிவு செய்யாமல் ஒவ்வொரு ஐந்தாமவரையும் கேளுங்கள். மறுத்தவர்களையும் ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். விடையை எல்லோருக்கும் தெரிகிற கொப்பியில் எழுதவைக்காமல், துண்டுச் சீட்டில் எழுதி மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். ‘இரண்டும் ஒன்றுதான்’ என்ற விடைக்கும் சீட்டில் ஓர் இடம் வேண்டும். அதன் பிறகு வரும் எண் 60க்கு 34 ஆகத்தான் இருந்தாலும், அதை ஏகாரத்தோடு எழுதும் உரிமை உங்களுக்கு இருக்கும். எந்தத் தூளோடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

இப்போதைக்கு, அந்தக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். முதல் பக்கத்தில், எழுதச் சொன்னபோது நீங்கள் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி, திகதிகளையும் கடையில் நின்றவர்களின் பெயர்களையும் குறித்துவையுங்கள். ‘நல்லம்’ என்று எழுதாத அந்த ஐந்து பேரின் பக்கங்களையும் கிழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். அவை இல்லாவிட்டால் 47 என்ற எண்ணுக்குச் சான்று இல்லை.